ஓடிபி சரி, பின் எண் சரி, பணம் மட்டும் வேறு கணக்குக்கு

போன் வழியாகப் பணம் அனுப்பும் செயலிகளைச் சோதித்துப் பார்ப்பது என் வேலை. இத்துறை எப்போதோ அடிபட்டுத் திருத்திக்கொண்ட பிழைகளையே, புதிதாக வருபவர்கள் முதலிலிருந்து செய்துகொண்டிருக்கிறார்கள். பின் எண்ணை லாகில் எழுதக் கூடாது, ஓடிபியைத் தரவுத்தளத்தில் அப்படியே வைக்கக் கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தவை. அவற்றை விட்டுவிடுகிறேன்.

பின் எண் கேட்பது, கணக்குக்காரருக்கு மட்டும் தெரிந்த ஒன்று இவருக்குத் தெரிகிறதா என்று பார்க்க. ஓடிபி கேட்பது, வங்கியில் பதிவான போன் எண் இப்போது இவர் கையில் இருக்கிறதா என்று பார்க்க. இரண்டுமே ஆளைப் பற்றிய கேள்விகள். இந்தத் தொகையை இந்தக் கணக்குக்கு அனுப்பத்தான் அவர் சம்மதித்தாரா என்பது மூன்றாவது கேள்வி. அதை நாமாகக் கேட்க வைத்தால்தான் உண்டு.

## ஓடிபியை ஆளோடு மட்டும் கட்டுவது

ஒருவர் தெரிந்தவருக்கு 500 அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். செயலி, பெறுபவரின் கணக்கையும் தொகையையும் சர்வருக்கு அனுப்புகிறது. சர்வர் 482913 என்ற ஓடிபியை உருவாக்கி, 'இந்த போன் எண்ணுக்கு 482913, மூன்று நிமிடம் செல்லும்' என்று குறித்துக்கொண்டு எஸ்எம்எஸ் அனுப்புகிறது. பயனர் அதை உள்ளிட்டதும் செயலி இரண்டாவது கோரிக்கையை அனுப்புகிறது. அதில் ஓடிபியோடு பெறுபவரும் தொகையும் மறுபடி போகின்றன. சர்வர், இந்த போன் எண்ணுக்கு இந்த ஓடிபி சரிதானா என்று மட்டும் பார்த்துவிட்டு, இரண்டாவது கோரிக்கையில் வந்த கணக்குக்கு அதில் வந்த தொகையை அனுப்பிவிடுகிறது.

பிழை இங்கேதான். இரண்டு கோரிக்கைகளுக்கும் நடுவில் போனில் உள்ள தீய நிரல் ஒன்று பெறுபவரையும் தொகையையும் மாற்றினால் போதும். 500 என்பது 50,000 ஆகி, முன்பின் தெரியாத கணக்குக்குப் போய்விடும். ஓடிபியில் தவறில்லை, பின் எண்ணிலும் தவறில்லை. திரையில் கடைசி வரை 500 என்றுதான் இருந்திருக்கும்.

ஒரு குழுவின் சோதனைப் பதிப்பில் இதைச் செய்து காட்டினேன். இரண்டாவது கோரிக்கையை இடையில் நிறுத்தி, தொகையை மாற்றி விட்டேன், பணம் போனது. "தொடர்பு முழுக்க மறையாக்கம் ஆகியிருக்கிறதே சார், வெளியில் யார் மாற்ற முடியும்?" என்று கேட்டார்கள். இந்தப் பதிலைப் பல இடங்களில் கேட்டாயிற்று, இன்னும் எரிச்சல் அடங்கவில்லை. மறையாக்கம் போனுக்கும் சர்வருக்கும் இடைப்பட்ட வழியைத்தான் காக்கும். போனுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும் நிரல், மறையாக்கத்துக்கு முன்பே தொகையை மாற்றிவிடும்.

பணம் போனதைவிட மோசமானது அதற்கடுத்து நடப்பது. பணத்தை இழந்தவர் புகார் கொடுக்கிறார். வங்கியின் பதிவில் பின் எண் சரி, ஓடிபி சரி, வாடிக்கையாளரே உறுதிசெய்தார் என்று இருக்கிறது. அந்தப் பதிவைக் காட்டி வங்கி அவருடைய புகாரை மூடிவிட முடியும். நாம் சோம்பலாக எழுதிய நான்கு வரி, அவருக்கு எதிரான சாட்சியாகிவிடுகிறது.

திருத்துவது பெரிய வேலை இல்லை. முதல் கோரிக்கையிலேயே பெறுபவர், தொகை இரண்டையும் சர்வரில் சேமித்து, பரிவர்த்தனைக்கு ஓர் எண் கொடுத்துவிடுங்கள். ஓடிபியை அந்த எண்ணோடு கட்டுங்கள். இரண்டாவது கோரிக்கையில் பரிவர்த்தனை எண்ணும் ஓடிபியும் மட்டுமே வரட்டும், தொகை வந்தாலும் அதைப் படிக்காதீர்கள்.

```sql
UPDATE otp SET used = 1
WHERE txn_id = ? AND code_hash = ?
  AND used = 0 AND expires_at > now();
```

ஒரு வரி மாறியது என்று பதில் வந்தால் மட்டும், சேமித்து வைத்த தொகையைச் சேமித்து வைத்த கணக்குக்கு அனுப்புங்கள். சரிபார்ப்பதும் 'பயன்படுத்தியாயிற்று' என்று குறிப்பதும் ஒரே கட்டளையில் நடப்பதால், ஒரே ஓடிபியோடு ஒரே நொடியில் இரண்டு கோரிக்கை வந்தாலும் ஒன்றுதான் தேறும். பின் எண்ணுக்கும் இதே கட்டு வேண்டும். அதைத் தனியாக மறையாக்கம் செய்யாமல் பரிவர்த்தனை எண்ணோடு சேர்த்துச் செய்தால், ஒரு முறை பிடித்துவைத்ததை வேறொரு பரிவர்த்தனையில் செருக முடியாது.

இத்தனை செய்தும் ஓர் ஓட்டை மிச்சம் இருக்கிறது. தீய நிரல் முதல் கோரிக்கையையே மாற்றிவிட்டால், சர்வர் 50,000 என்றுதான் சேமிக்கும். அதைப் பிடிக்க வல்லவர் பயனர் ஒருவர்தான். அதனால் எஸ்எம்எஸ்ஸில் தொகையும் பெறுபவர் பெயரும் இருந்தாக வேண்டும், அதுவும் ஓடிபிக்கு முன்னால். ஓடிபி முதலில் வந்தால் அறிவிப்பில் அதை மட்டும் பார்த்துவிட்டு மீதியைப் படிக்காமல் விட்டுவிடுவார்கள். போனே ஓடிபியை எடுத்து நிரப்பிக்கொடுக்கும் வசதி இதை இன்னும் கெடுக்கிறது, அங்கே செய்தியைத் திறக்கவே தேவையில்லை. பெரிய தொகைகளுக்காவது அந்த வசதியை நம்பி இருக்காதீர்கள் என்பது என் கருத்து.

ஐரோப்பிய ஒன்றியம் இதைச் சட்டமாகவே ஆக்கியிருக்கிறது. 2019 செப்டம்பர் 14 முதல் அங்கே மின்னணுப் பணப் பரிமாற்றத்துக்கான உறுதிக் குறியீடு, அந்தத் தொகைக்கும் அந்தப் பெறுபவருக்கும் மட்டும் உரியதாக இருக்க வேண்டும். இரண்டில் எது மாறினாலும் குறியீடு செல்லாது.

## மறுபடி அனுப்பும்போது எண்ணிக்கையைப் புதிதாகத் தொடங்குவது

ஆறு இலக்க ஓடிபிக்கு 10 லட்சம் வாய்ப்புகள். ஐந்து தவறோடு நிறுத்தினால், ஊகித்துப் பிடிக்க 2 லட்சத்தில் ஒரு வாய்ப்புதான். நல்லது. ஆனால் 'மறுபடி அனுப்பு' என்பதை அழுத்தியதும் அந்த ஐந்து முயற்சிகள் புதிதாகக் கிடைக்கும்படி பலர் எழுதிவிடுகிறார்கள். அப்புறம் ஒரு சிறு நிரல் அழுத்துவதும் ஊகிப்பதுமாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். இப்படி ஒரு லட்சம் சுற்று போனால், எங்கோ ஒரு முறை பொருந்திவிட ஏறக்குறைய 40 விழுக்காடு வாய்ப்பு உண்டு. தவறான முயற்சிகளைக் கணக்கின் பெயரில் எண்ணுங்கள், ஓடிபியின் பெயரில் எண்ணாதீர்கள்.

## எந்த ஓடிபி என்று சொல்லாமல் விடுவது

எஸ்எம்எஸ் வரிசைப்படி வந்து சேரும் என்று உறுதி கிடையாது. பயனர் இரண்டாவது முறை அழுத்திய பிறகு முதல் செய்தி வந்து சேரும், அதை உள்ளிட்டுத் தவறு என்று வாங்கிக்கொள்வார். செய்தியிலும் திரையிலும் ஒரே இரண்டெழுத்துக் குறிப்பைப் போட்டுவிட்டால் எது எதற்கு உரியது என்று அவருக்கே தெரிந்துவிடும்.

## பதில் வராததைத் தோல்வி என்று காட்டுவது

கூடாது. பதில் மட்டும் வராமல் பணம் போயிருக்கலாம், தோல்வி என்று நம்பிப் பயனர் மறுபடி அனுப்பிவிடுவார். 'நிலுவையில்' என்று காட்டி, அதே பரிவர்த்தனை எண்ணை வைத்து நிலையைக் கேளுங்கள்.

## ஒரே போனில் இருப்பதை இரண்டு பூட்டு என்று நம்புவது

எஸ்எம்எஸ் படிக்கும் அனுமதி பெற்ற தீய செயலி ஓடிபியை எடுக்கும். திரைமேல் போலித் திரை விரிக்கும் செயலி பின் எண்ணை எடுக்கும். இரண்டையும் ஒரே செயலி செய்யலாம். இன்னொரு பக்கம், சிம்மை வேறொருவர் ஏமாற்றித் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டால் போன் கையில் இருந்தும் ஓடிபி அவருக்குப் போகும். அதனால் பதிவுசெய்யும்போதே போனின் பாதுகாப்புச் சில்லுக்குள் ஒரு சாவியை உருவாக்கி, ஒவ்வொரு கோரிக்கையிலும் அதன் கையொப்பத்தைக் கேளுங்கள். சிம் கைமாறினாலும் அந்தச் சாவி ஏமாற்றியவர் கைக்குப் போகாது. புதிய போனில் பதிவு செய்தால், முதல் ஒரு நாளுக்குச் சிறிய தொகை மட்டும் அனுமதியுங்கள்.