கம்பி விலை ஏறினா யாரு கட்டுறது? கையெழுத்துக்கு முன்னாடியே எழுதிக்குங்க

பினாங்குல வீடு கட்டுறவங்க, வேலை ஒரு வருசத்துக்கு மேல இழுக்கும்னா காண்ட்ராக்ட்ல "விலை ஏறினா கூடுதலா தரணும்"னு மொட்டையா எழுத விடாதீங்க, அதுதான் பின்னாடி சண்டைக்கு காரணம். கையெழுத்து போடுற அன்னிக்கு கம்பி டன் என்ன விலைனு கடை கொட்டேஷனோட ஒட்டி வச்சுட்டு, அஞ்சு பர்சன்ட் வரைக்கும் ஏறினா காண்ட்ராக்டர் பொறுப்பு, அதுக்கு மேல உள்ளது மட்டும் நம்ம பொறுப்புனு எழுதுங்க, இறங்கினாலும் அதே கணக்குதான்.

உதாரணத்துக்கு டன் 3,000 வெள்ளி 3,450 ஆச்சுன்னா, 3,150 வரைக்கும் அவரோடது, மிச்சம் 300 நம்மளோடது, 4 டன்னுக்கு 1,200 வெள்ளி. கடை இன்வாய்ஸும் டெலிவரி ஆர்டரும் பார்க்காம காசு குடுக்காதீங்க, தேதியும் டன்னும் ஒத்துப்போகணும்.

கம்பிய முன்கூட்டியே வாங்கலாம், ஆனா கட்டை மேல அடுக்கி தார்ப்பாய் போடணும். சிமெண்ட் வேணாம், நம்ம ஊரு ஈரத்துல மூணு மாசத்துக்குள்ளயே கட்டி தட்டிடும், விரல்ல நசுக்கி உடையலன்னா ஸ்டிரக்சருக்கு போடவே கூடாது. பட்ஜெட்ல ஒரு பத்து பர்சன்ட் தனியா வைங்க, அதை டைல்ஸுக்கு தொடாதீங்க, ரூஃப் முடியுற வரைக்கும் அப்படியே இருக்கட்டும்.