சமணக் கோயிலில் புதியவர்கள் செய்யும் தவறுகள்: பெல்ட் முதல் அரிசித் தட்டு வரை

குஜராத், ராஜஸ்தான் பக்கமுள்ள, சமணத்தின் இரு பெரும் பிரிவுகளில் ஒன்றான சுவேதாம்பரர் கோயில்களுக்கு நம் ஊர்க்காரர்களைக் கூட்டிக்கொண்டு போய்வருவது எனக்குப் பழக்கமாகிவிட்டது. சென்னையில் சௌகார்பேட்டைக்கும் அப்படித்தான். ஒவ்வொரு கூட்டத்திலும் யாராவது ஒருவர், ஆரம்பத்தில் நான் சறுக்கிய அதே இடத்தில் சறுக்குகிறார். சத்தம் போடாதே, வரிசையில் நில் என்பதெல்லாம் எந்தக் கோயிலுக்கும் பொருந்தும், அதை விட்டுவிடுகிறேன். நம் கோயில் பழக்கத்தை அப்படியே அங்கே கொண்டுபோவதால் வரும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

பெல்ட்டை மட்டும் கழற்றுவது

தோல் பொருள் கூடாது என்றதும் ஆண்கள் இடுப்பில் கை வைப்பார்கள். பெல்ட் வெளியே வந்துவிடும். பர்ஸ் பின்பாக்கெட்டிலேயே இருக்கும். கைக்கடிகாரத்தின் வார், போன் உறை, கார் சாவியில் தொங்கும் பட்டை, மூக்குக்கண்ணாடிக் கூடு, பெண்களின் தோள்பை இவையெல்லாம் நினைவுக்கே வராது. ஐம்புலன் உள்ள ஓர் உயிரைக் கொன்று எடுத்த தோல் என்பதுதான் காரணம். அதனால் ‘சின்னத் துண்டுதானே’ என்ற சமாதானம் எடுபடாது.

‘இது ரெக்ஸின்தான் சார்’ என்று வாசலில் வாதாடுவது வீண். காவலாளியால் கையில் தொட்டுப் பார்த்து உறுதியாகச் சொல்ல முடியாது, அவர் வேலையும் அதுவல்ல. சந்தேகமான எதையும் தங்கும் அறையிலேயே வைத்துவிடுங்கள். ராணக்பூரில் வண்டி பக்கத்திலேயே நிற்கும், திரும்பிப் போய் வைத்துவிட்டு வரலாம். பாலிதானா மலைக்கோயிலில் அப்படி முடியாது. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட படி ஏறியபின் பையில் தோல் பர்ஸ் இருப்பது தெரிந்தால் என்ன செய்வீர்கள்?

பட்டு விஷயத்தில் சமணர்களுக்குள்ளேயே இரண்டு கருத்து உண்டு. சிலர் பூஜைக்குப் பட்டு உடுத்துகிறார்கள், சிலர் புழுவைக் கொன்ற துணி என்று தொடவே மாட்டார்கள். நமக்கு எதற்கு வம்பு? பருத்தி போதும்.

காலணி

வாசலில் விடுங்கள். தோல் செருப்பாக இருந்தால் வாசலுக்குக்கூடக் கொண்டுவராமல் ரப்பர் செருப்பில் வாருங்கள்.

குளித்துவிட்டோம், உள்ளே போகலாம் என்று நினைப்பது

கபாரோ என்று அவர்கள் சொல்லும் கருவறைக்குள் பக்தர்களே போய் மூர்த்தியைத் தொட்டுப் பூஜிப்பதைப் பார்த்ததும் நம் ஆட்களுக்குக் கால் நிற்காது. ‘காலையில் குளித்துவிட்டுத்தானே வந்தேன்’ என்று ஒருவர் பேண்ட் சட்டையோடு படியில் கால் வைத்துவிட்டார். பூஜாரி பதறிப்போய்க் கையை நீட்டித் தடுத்தார்.

பூஜையில் எட்டு அங்கம் உண்டு. நீர், சந்தனம், பூ ஆகிய முதல் மூன்றும் மூர்த்தியைத் தொட்டுச் செய்பவை. தூபம், தீபம், அரிசி, இனிப்பு, பழம் ஆகிய மற்ற ஐந்தும் எதிரே நின்று செய்பவை. தொடுவதற்குக் குளித்தால் மட்டும் போதாது. குளித்தபின் பூஜைக்கென்றே வைத்திருக்கும் துணியைத்தான் உடுத்த வேண்டும். ஆண்களுக்குத் தையல் இல்லாத வேட்டியும் மேல்துண்டும். மூச்சுக்காற்று மூர்த்தி மேல் படாமலிருக்க, எட்டு மடிப்பாக மடித்த துணியால் மூக்கையும் வாயையும் மூடிக் கட்டிக்கொள்ள வேண்டும். அந்தத் துணியோடு சாப்பிடக் கூடாது, கழிவறைக்குப் போகக் கூடாது. இதற்குத் தயாராக வரவில்லை என்றால் வெளி மண்டபத்தில் நின்று அரிசி வைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கை கால் முகம் கழுவி, சுத்தமான உடையில் இருந்தால் அதற்குப் போதும். மாதவிலக்கு நாட்களில் பெண்கள் வர வேண்டாம் என்று ராணக்பூரில் பலகையே வைத்திருக்கிறார்கள். வாசலில் நின்று தெரிந்துகொள்வதைவிட முன்பே தெரிந்திருப்பது நல்லது.

இன்னொன்று, குழாயை முழுவேகத்தில் திறந்துவிட்டு முழங்கால் வரை கழுவுவது. நமக்கு நிறையத் தண்ணீர் ஊற்றினால்தான் சுத்தம். அவர்களுக்குத் தண்ணீரும் துன்புறுத்தக் கூடாத ஓர் உயிர். குழாயடியில் இருக்கும் பெரியவர் முகம் சுளிப்பது உங்கள் காலைப் பார்த்தல்ல, வீணாய் ஓடும் தண்ணீரைப் பார்த்து. ஒரு சொம்பில் முடியும் வேலை இது.

மஞ்சள் தடவிய அரிசி

நம் வீட்டு அட்சதையைக் கொண்டுபோகாதீர்கள். அங்கே வெறும் வெள்ளைப் பச்சரிசி, அதுவும் உடையாத மணி. உமி நீங்கிய அரிசியை விதைத்தால் முளைக்காது. அதுபோல எனக்கும் மறுபிறவி வேண்டாம் என்று கேட்டுத்தான் அதை வைக்கிறார்கள். முந்தின இரவே ஒரு தட்டில் பரப்பி நொய்யைப் பொறுக்கிவிடுங்கள். அதைவிட முக்கியம் வண்டு. மாதக்கணக்கில் டப்பாவில் கிடந்த அரிசியை அப்படியே கொட்டினால், மண்டபத்தில் வண்டு ஊர்ந்து யார் காலிலாவது மிதிபடும். நொய்யைப் பார்த்தும் பார்க்காததுபோல் போகிறவர்கள் வண்டைப் பார்த்தால் சும்மா இருக்க மாட்டார்கள்.

சாத்தியோவைக் கோலம் என்று நினைப்பது

அரிசியில் போடும் ஸ்வஸ்திகத்துக்குக் குஜராத்தியில் சாத்தியோ என்று பெயர். ஆனால் முழு உருவம் அதோடு முடிவதில்லை. பாஜோட் என்னும் குட்டையான மரப்பலகையில் மூன்று அடுக்காக வைக்க வேண்டும். உங்களுக்கு அருகே கீழே சாத்தியோ, அதற்கு மேலே ஒரே வரிசையில் மூன்று சிறு குவியல், அதற்கும் மேலே ஒரு பிறையும் அதன்மேல் சிறு குவியலும். சாத்தியோவின் நான்கு கைகள் தேவர், மனிதர், விலங்கு, நரகர் என்ற நான்கு பிறவிகள். மூன்று குவியல் நற்காட்சி, நல்ஞானம், நல்லொழுக்கம். பிறை, விடுதலை பெற்ற உயிர்கள் தங்கும் சித்தசிலை. பிறவியில் தொடங்கி, மும்மணிகள் வழியாக விடுதலைக்குப் போகும் பாதை அது. எதை முதலில் போடுவது என்பது குடும்பத்துக்குக் குடும்பம் மாறும், இடம் மாறாது.

ஒவ்வொரு மணியாக அடுக்கிக் கோடு இழுக்கப் பார்ப்பவர்கள் பத்து நிமிடம் பலகையை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பக்கத்தில் குஜராத்திப் பாட்டி அரை நிமிடத்தில் முடித்துவிட்டுப் போய்விடுவார். வழி சுலபம். ஒரு கைப்பிடி அரிசியைக் குவித்து உள்ளங்கையால் சதுரமாகத் தட்டுங்கள். மேல்விளிம்பில் நடுவுக்குச் சற்று இடப்பக்கம் விரலை வைத்து, உள்நோக்கிப் பாதி தூரத்துக்கும் குறைவாக இழுத்து நிறுத்துங்கள். வலவிளிம்பில் நடுவுக்குச் சற்று மேலே, கீழ்விளிம்பில் நடுவுக்குச் சற்று வலப்பக்கம், இடவிளிம்பில் நடுவுக்குச் சற்றுக் கீழே, இதே போல் மூன்று இழுப்பு. நான்கு கீறலில் சாத்தியோ வந்துவிடும். மேல்நோக்கிப் போகும் கை வலப்பக்கம் திரும்பியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இடப்பக்கம் திரும்பியிருந்தால் கீறலைப் பக்கம் மாற்றிப் போட்டிருக்கிறீர்கள்.

நம் வழக்கப்படி நான்கு மூலையிலும் புள்ளி வைப்பது, சுற்றிப் பூக்கோலம் போடுவது, மூன்று குவியலையும் அழகுக்காகச் சுற்றிலும் பரப்பி வைப்பது எதுவும் வேண்டாம்.

வைத்ததைத் திரும்ப எடுப்பது

எனக்கு இன்றும் எரிச்சல் மூட்டுவது இதுதான். எவ்வளவு சொல்லிக் கூட்டிப் போனாலும் ஒருவராவது செய்துவிடுகிறார்கள்.

அரிசி வைத்தபின் சாத்தியோவின் மேல் கல்கண்டோ இனிப்போ வைப்பார்கள். பிறையின் மேல் பழம். நம் ஊர்க்காரர் கண்ணுக்கு இது அச்சு அசல் நைவேத்தியம். வணங்கி எழுந்ததும் கை தானாகப் பழத்துக்குப் போகிறது. ஒருமுறை எங்களோடு வந்த ஓர் அம்மா, தான் வைத்த ஆப்பிளைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். பேருந்தில் ஏறியதும் ‘எல்லாரும் பிரசாதம் எடுத்துக்கோங்க’ என்று நறுக்கி, குழந்தைகளுக்கு முதல் துண்டைக் கொடுத்தார். கோயிலில் பார்த்த ஒரு மூதாட்டி பூஜாரியிடம் சொல்ல, அவர் பேருந்து வரை ஓடி வந்துவிட்டார். அவருக்கு எங்கள் மொழி தெரியாது, எங்களில் பாதிப் பேருக்கு அவர் மொழி தெரியாது. கோபம் மட்டும் எல்லாருக்கும் புரிந்தது. கடைசியில் ஆப்பிள் விலையைப்போல் பல மடங்கு பணத்தைக் கோயில் பண்டாரில், அதாவது உண்டியலில், போட்டுவிட்டுக் கிளம்பினோம். அடுத்த முறை அதே ஊர் தர்மசாலையில் இடம் கேட்டபோது, உங்கள் ஆட்கள் பூஜைத் தட்டு எடுத்துப் போக வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

அந்த அம்மாவைக் குறை சொல்லிப் பயனில்லை. பிரசாதம் இல்லாத கோயிலை அவர் பார்த்ததே இல்லை. நம் கோயிலில் கடவுள் ஏற்றுக்கொண்டு மிச்சத்தைத் திருப்பித் தருகிறார். இங்கே மூர்த்தியாக அமர்ந்திருப்பவர் பசியை வென்று விடுதலை அடைந்தவர். அவர் சாப்பிடுவதுமில்லை, திருப்பித் தருவதுமில்லை. நீங்கள் அவருக்கு ஊட்டவில்லை, உங்களுடையதை விட்டுவிடுகிறீர்கள். இனிப்பை வைப்பதே, உணவே தேவைப்படாத நிலை எனக்கும் வர வேண்டும் என்று கேட்டுத்தான். பழம் வைப்பது விடுதலை என்னும் பலனைக் கேட்டு. சாப்பாடு வேண்டாத நிலையைக் கேட்டுவிட்டு அதே இனிப்பை வாசலில் சப்பிக்கொண்டு நின்றால் பார்ப்பவர் என்ன நினைப்பார்?

வைத்த கணத்திலிருந்து அது தேவ திரவியம். அதை உண்பது அவர்கள் கணக்கில் பெரிய பாவம். பல கோயில்களில் பூஜாரி அதைத் திரட்டி ஒதுக்கிவிடுவார். நாம் தொட வேண்டிய அவசியமே இல்லை.

ஆப்பிள் பெரிது, கண்ணில் படுகிறது. கண்ணில் படாதவையும் உண்டு. கிண்ணத்தில் கையளவு அரிசி மிஞ்சினால் வீட்டுக்கு வந்து உலையில் போட்டுவிடக் கூடாது. டப்பாவிலேயே வைத்து அடுத்த முறை பயன்படுத்துங்கள். சாத்தியோவில் யாரோ வைத்த நாணயத்தைக் குழந்தை எடுத்துவிளையாடும், பார்த்துக்கொள்ளுங்கள். நெற்றிக்கு இட்டுக்கொள்ளும் சந்தனக் கிண்ணம் வேறு, மூர்த்திக்கு உரிய கிண்ணம் வேறு. கைப்பையில் பிஸ்கட் பொட்டலம் இருந்தால் அதையும் வெளியே விடுங்கள். நாம் உண்ணப்போகும் பொருளை உள்ளே கொண்டுபோவதே வழக்கமில்லை.

வெளியே வரும் வழியில் ஒரு கிண்ணத்தில் அபிஷேக நீர் இருக்கும். அதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம், ஆனால் தீர்த்தம்போலக் குடிக்கக் கூடாது. விரல் நுனியில் தொட்டு நெற்றியிலும் கண்ணிலும் வைத்துக்கொள்ள வேண்டும். மூன்று விரலைக் குழித்து வாயருகே கொண்டுபோனவர்களின் கையை நான் பிடித்து நிறுத்தியிருக்கிறேன்.

போட்டோ

தில்வாராவில் தடை. மற்ற இடங்களில் கேட்டுவிட்டு எடுங்கள்.

திகம்பரர் கோயிலில் சாத்தியோவுக்குப் பலகை தேடுவது

மேலே சொன்ன அரிசி முறை சுவேதாம்பரருக்கு உரியது. வடக்கே, மற்றொரு பிரிவான திகம்பரர் கோயில்களில் அரிசியைக் குவியல் குவியலாக வைப்பதுதான் பொதுவான வழக்கம். ஜினருக்கு முன் ஐந்து, ஆகமத்துக்கு முன் நான்கு, குருவுக்கு முன் மூன்று. மேல்சித்தாமூர் போன்ற நம் தமிழ்ச் சமணர் கோயில்களும் திகம்பர மரபுதான், ஆனால் அவர்களுக்கென்று தனி வழக்கங்கள் உண்டு. அங்கே பூசை செய்பவரிடம் தமிழிலேயே கேட்கலாம்.