இதய நியூக்ளியர் ஸ்ட்ரெஸ் டெஸ்ட்: படத்தில் மங்கிய இடத்தைப் பார்த்து அடைப்பைப் புரிந்துகொள்வது எப்படி?

ரிப்போர்ட்டில் "ரிவர்சிபிள் டிஃபெக்ட்" என்று எழுதியிருந்தால் என்ன அர்த்தம் என்பதுதான் இந்தப் பதிவு. முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இந்த டெஸ்ட் ரத்தக்குழாயையே படம் பிடிப்பதில்லை. இதயத் தசையின் எந்தப் பகுதிக்கு எவ்வளவு ரத்தம் போய்ச் சேர்ந்தது என்பதைத்தான் காட்டுகிறது.

படி 1: அடைப்பு ஏன் ஓய்வில் தெரியாது?

ஒரு குழாய் பாதிக்கு மேல் சுருங்கியிருந்தாலும் நாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போது தசைக்குப் போதுமான ரத்தம் போய்விடும். சுருங்கிய இடத்துக்குக் கீழே உள்ள நுண்ணிய குழாய்கள் முன்கூட்டியே விரிந்து அந்தக் குறையைச் சரிக்கட்டிவிடுகின்றன. ஓடும்போதுதான் சிக்கல். நல்ல குழாயில் ரத்தம் 3 மடங்கு கூடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், சுருங்கிய குழாயின் கிளைகள் ஏற்கெனவே விரிந்துவிட்டதால் அங்கே ஒன்றரை மடங்குக்கு மேல் போக வழியில்லை. அந்த வித்தியாசம்தான் படத்தில் மங்கலாக விழுகிறது.

படி 2: ஊசி போடும் நேரம்

ட்ரெட்மில்லில் 3 நிமிடத்துக்கு ஒருமுறை வேகமும் ஏற்றமும் கூடும். 220-இலிருந்து வயதைக் கழித்து, அதில் 85 சதவீதம்தான் எட்ட வேண்டிய இதயத்துடிப்பு. அதை எட்டி, இனி முடியாது என்கிற கட்டத்தில் கையில் ஏற்கெனவே போட்டிருக்கும் ஊசிக்குழாய் வழியாக டெக்னீசியம் என்ற கதிரியக்கப் பொருள் கலந்த மருந்தைச் செலுத்துவார்கள். உடனே இறங்கிவிடக்கூடாது, இன்னும் ஒரு நிமிடமாவது நடக்கச் சொல்வார்கள். மருந்து ரத்தத்தோடு போய்த் தசை செல்களுக்குள் நுழைய அந்த நேரம் வேண்டும்.

நுழைந்த மருந்து செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவில் ஒட்டிக்கொண்டு பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடுகிறது. அதனால்தான் அரை மணி, முக்கால் மணி கழித்து நிதானமாகக் கேமராவுக்குக் கீழே படுத்தாலும் ஓடிய அந்த நிமிடத்தின் ரத்த ஓட்டம்தான் படத்தில் வருகிறது. எனக்கு இந்த டெஸ்டில் மிகவும் பிடித்த விஷயமே இதுதான். துடிப்பு இலக்கை எட்டாமலே ஊசி போட்டுவிட்டால் படம் நன்றாகவே வரும், ஆனால் அடைப்பு ஒளிந்துகொள்ளும். நடக்க முடியாதவர்களுக்கு அதனால்தான் குழாயை விரிக்கும் மருந்தைக் கொடுத்துச் செய்கிறார்கள். அதற்கு முன்பு காபி, டீ கூடாது, காஃபின் அந்த மருந்தின் வேலையைத் தடுத்துவிடும்.

ஓய்வுப் படத்துக்குத் தனியாக இன்னொரு ஊசி உண்டு. சில இடங்களில் அதை முதலில் எடுப்பார்கள், சில இடங்களில் பிறகு.

படி 3: இரண்டு வரிசையையும் ஒப்பிடுங்கள்

இதயத்தைக் குறுக்காக வெட்டியது போன்ற வளையங்கள் மேல் வரிசையில் ஸ்ட்ரெஸ், கீழ் வரிசையில் ஓய்வு என்று வழக்கமாக இருக்கும். வளையத்தின் மேல்பக்கம் இதயத்தின் முன்சுவர், கீழ்ப்பக்கம் அடிச்சுவர்.

ஒரு கற்பனை உதாரணம். 58 வயதுக்காரர், இலக்கு 138, அவர் 141 வரை போனார். ஸ்ட்ரெஸ் படத்தில் வளையத்தின் மேல்பக்கம் மங்கல், ஓய்வில் அதே இடம் பளிச்சென்று நிரம்பிவிட்டது. இதைத்தான் "ரிவர்சிபிள் டிஃபெக்ட்" என்று எழுதுவார்கள். அப்படியென்றால் தசை உயிரோடு இருக்கிறது, ஓடும்போது மட்டும் ரத்தம் போதவில்லை. முன்சுவர் என்பதால் இடது முன் இறங்கு தமனி மேல் சந்தேகம் போகும். இதயத்தை 17 துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண் போடுவார்கள், கூடக் கூட மோசம். இவருக்கு 4 துண்டுகளில் தலா 2, ஆக ஸ்ட்ரெஸில் 8, ஓய்வில் 0. மொத்தம் 68-இல் 8, அதாவது 12 சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவு. 10 சதவீதத்தைத் தாண்டினால் டாக்டர்கள் அதைப் பெரிய பாதிப்பாகவே எடுத்துக்கொள்வார்கள்.

இரண்டு வரிசையிலும் அதே இடம் மங்கலாகவே இருந்தால் அது பெரும்பாலும் பழைய மாரடைப்பின் தழும்பு.

படி 4: ஏமாற்றும் மங்கல்கள்

எல்லா மங்கலும் நோய் இல்லை. உதரவிதானம் அடிச்சுவரையும், பெண்களுக்கு மார்பகம் முன்சுவரையும் மறைப்பதால் இரண்டு படத்திலும் ஒரே மாதிரி நிழல் விழும். அப்போது அந்தச் சுவர் துடிப்பதைப் பாருங்கள். நிஜத் தழும்பு சரியாகச் சுருங்காது, வெறும் நிழலாக இருந்தால் சுவர் நன்றாகவே அசையும். குப்புறப் படுக்க வைத்து மறுபடி எடுத்தாலும் அடிச்சுவர் நிழல் பெரும்பாலும் விலகிவிடும்.

இதற்கு நேர் எதிரான ஆபத்து ஒன்று இருக்கிறது, அதைத்தான் நான் அதிகம் கவனிக்கச் சொல்வேன். கம்ப்யூட்டர் இதயத்திலேயே பிரகாசமான இடத்தை 100 என்று வைத்துக்கொண்டுதான் மற்ற இடங்களை அளக்கிறது. மூன்று பெரிய குழாய்களிலும் ஒரே அளவு அடைப்பு இருந்தால் எல்லா இடமும் சேர்ந்தே குறையும், படம் நார்மல் போலத் தெரியும். அப்போது கேஸைக் காட்டிக்கொடுப்பது வேறு அறிகுறிகள்: ஓடும்போது ரத்த அழுத்தம் ஏறாமல் இறங்குவது, ஈசிஜி மாறுவது, ஓய்வுப் படத்தை விட ஸ்ட்ரெஸ் படத்தில் இதய அறை பெரிதாகத் தெரிவது.