ரூட்டருக்கு பற்றரி வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழும்பில் மின்வெட்டு அட்டவணை வெளிவந்தால் போதும், தெரிந்தவர்கள் எல்லாம் ரூட்டருக்கு மினி யூபிஎஸ் தேடத் தொடங்கிவிடுவார்கள். எனக்கு அழைப்பு வருவது என்னவோ வாங்கிய பிறகுதான். வயரின் முனை சரியாகப் பொருந்தவில்லை, சுவிட்சைப் போட மறந்துவிட்டேன் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். அவை தாமாகவே தெரிந்துவிடும்.

எம்.ஏ.எச். எண்ணை அப்படியே நம்புவது

இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும். வெள்ளவத்தையில் தொடர்மாடியில் இருக்கும் ஒரு தம்பி, வீட்டிலிருந்து வேலை செய்பவர், 10,400 எம்.ஏ.எச்., அதாவது 10.4 அம்பியர்-அவர் மினி யூபிஎஸ் பெட்டி ஒன்றை வாங்கினார். ரூட்டர் அடப்டரில் 1 அம்பியர் என்று இருந்தது. 10.4-ஐ ஒன்றால் வகுத்து, பத்து மணித்தியாலம் ஓடும் என்று கடையில் சொல்லியிருக்கிறார்கள்.

"பத்து மணித்தியாலம் எண்டாங்கள் அண்ணை, ரெண்டரைக்கே படுத்திட்டுது. பழுதான சாமானோ?"

சாமானில் பழுதில்லை. அந்த 10,400 என்பது உள்ளே இருக்கும் செல்லின் 3.7 வோல்ட்டில் உள்ள கணக்கு. ரூட்டர் கேட்பதோ 12 வோல்ட். ஆகவே அம்பியரை விட்டுவிட்டு வாட்-அவரில் பார்க்க வேண்டும். 10.4-ஐ 3.7-ஆல் பெருக்கினால் சுமார் 38 வாட்-அவர். அதை 12 வோல்ட்டுக்கு ஏற்றும்போது கொஞ்சம் வெப்பமாகப் போய்விடும். கையில் மிஞ்சுவது 33 அளவுதான். அவருடைய பைபர் பெட்டியும் ரூட்டரும் சேர்ந்து 13 வாட் எடுத்தன. 33-ஐ 13-ஆல் வகுத்தால் இரண்டரை மணித்தியாலம். பெட்டி தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது.

கடைக்காரர் சொன்ன எண்ணிலும் பொய் இல்லை, எத்தனை வோல்ட்டில் என்று ஒருவரும் கேட்பதில்லை, அவ்வளவுதான். பெட்டியின் அடியில் வாட்-அவர் அச்சிட்டிருந்தால் அதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். "இது 12 வோல்ட்டில் 10,400" என்று யாராவது அடித்துச் சொன்னால் கையில் தூக்கிப் பாருங்கள். அது உண்மையானால் உள்ளே சாதாரண 2,600 எம்.ஏ.எச். செல் பதின்மூன்று இருக்க வேண்டும். செல்களின் எடையே அரைக் கிலோவைத் தாண்டும்.

சரி, எவ்வளவுதான் வேண்டும்? முதலில், இரண்டு பெட்டியும் தேவைதானா என்று பாருங்கள். பல பைபர் பெட்டிகளில் வைஃபை உள்ளேயே இருக்கிறது. மின்வெட்டு நேரத்தில் தனி ரூட்டரை நிறுத்தினால் செலவு பாதியாகலாம். தம்பிக்குப் பின்னறையில் சிக்னல் எட்டாததால் இரண்டுமே வேண்டியிருந்தது. ஆறு மணித்தியாலம் கேட்டார். 13 வாட், ஆறு மணித்தியாலத்துக்கு 78 வாட்-அவர். வோல்ட்டை மாற்றும்போது வெப்பமாகப் போவதற்காக 0.85-ஆல் வகுத்தால் 92. பற்றரி நாளடைவில் தேய்வதற்காக இன்னும் 0.8-ஆல் வகுத்தால் 115. 12.8 வோல்ட், 10 அம்பியர்-அவர் லித்தியம் அயர்ன் பொஸ்பேட் பற்றரி ஒன்றில் 128 இருக்கிறது, அது போதும். மினி யூபிஎஸ்ஸின் 3.7 வோல்ட் கணக்கில் சொன்னால் 31,000 எம்.ஏ.எச். வேண்டும். அவர் வாங்கியதைப் போல மூன்று.

அடப்டரில் உள்ள எண்ணைச் செலவாக எடுப்பது

அது அடப்டர் தரக்கூடிய உச்சம். செலவை வாட் மீட்டர் வைத்து அளக்கவும்.

கணினி யூபிஎஸ்ஸை வைப்பது

அதற்குள் இருக்கும் 12 வோல்ட், 7 அம்பியர்-அவர் ஈயப் பற்றரியில் 84 வாட்-அவர் இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் அது 230 வோல்ட்டாக ஏற்றி, அடப்டர் திரும்ப 12-க்கு இறக்குகிறது. அந்த வேலைக்கே ரூட்டர் தின்னும் அளவு மின்சாரம் போய்விடலாம். தினமும் அடிவரை இறக்கினால் ஈயப் பற்றரி சீக்கிரம் சாகும்.

சார்ஜ் ஏறும் நேரத்தை மறப்பது

2022 மார்ச் இறுதியில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. ஒரே நாளில் இரண்டு, மூன்று தடவை கரண்ட் போகும். மினி யூபிஎஸ்ஸுக்கு 12 வோல்ட், 2 அம்பியர் அடப்டர் என்றால் 24 வாட். அதில் 13 ரூட்டருக்கும் பைபர் பெட்டிக்கும் போனால் பற்றரிக்கு 11 மிச்சம். 38 வாட்-அவர் நிரம்ப, சார்ஜில் வீணாவதையும் சேர்த்தால், நாலு மணித்தியாலம் பிடிக்கும். அதற்குள் அடுத்த வெட்டு வந்தால் அரைகுறை பற்றரியோடுதான் நிற்பீர்கள். தம்பியின் பெரிய பற்றரிக்கு 5 அம்பியர் சார்ஜர் போட்டோம்.

பற்றரியை ரூட்டருக்கு நேரே கொடுப்பது

12.8 வோல்ட் என்று எழுதியிருந்தாலும் சார்ஜ் ஆகும்போது அது 14.6 வரை போகும். முடியும் தறுவாயில் 12-க்குக் கீழே இறங்கும். ஏற்றவும் இறக்கவும் கூடிய 12 வோல்ட் ரெகுலேட்டர் ஒன்று நடுவில் வேண்டும். பற்றரியின் பிளஸ் முனையை ஒட்டி ஒரு பியூஸும் போடுங்கள்.

சிவப்பு எல்.ஓ.எஸ். விளக்கைப் பார்த்துப் பெரிய பற்றரி வாங்குவது

பைபர் வயரில் ஒளி வரவில்லை என்று பைபர் பெட்டி காட்டும் விளக்கு அது. எரிகிறதென்றால் பெட்டிக்கு மின்சாரம் வருகிறது, ஒளிதான் வரவில்லை. உங்கள் வீட்டுக்குள் பைபர் வயர் மடிந்திருக்கலாம், தெருவில் அறுந்திருக்கலாம், அல்லது எக்ஸ்சேஞ்ச் பக்கமே நின்றிருக்கலாம். வயரைப் பார்த்துவிட்டுச் சேவை இலக்கத்துக்கு அழையுங்கள்.