கூட்டு வியாபாரத்தில் லாபம் பிரிக்கும் தாள்: வட்டியை எந்தத் தொகைக்குப் போடுகிறீர்கள்?

காரைக்குடியில் என்னிடம் கணக்கு பழகும் தம்பி ஒருவர் போன வாரம் ஒரு லாபப் பகிர்வுத் தாளை நீட்டினார். கூட்டல் சரி, கட்டம் சரி, கடைசியில் கணக்கும் நேர். முதல் மீது வட்டி என்ற வரியைப் பார்த்ததுமே எனக்குப் பகீர் என்றது. பல வருடம் முன்னால் நான் செய்த அதே தவறு, அதே இடத்தில் இருந்தது. இதைப் பார்க்கும்போதெல்லாம் இன்றைக்கும் எனக்குக் கோபம் வரும். ஆகவே இதை மட்டும் விரிவாகவே எழுதுகிறேன், இதே தாளில் வரும் மற்றத் தவறுகளைச் சுருக்கமாக.

வருடக் கடைசி முதலுக்கு வட்டி போடுவது

நான் மாட்டிக்கொண்டது ஆத்தங்குடிக் கல் போடும் ஒரு பட்டறையின் கணக்கில். இரண்டு கூட்டாளிகள், மைத்துனர் முறை. மூத்தவர் பணம் போட்டவர், இளையவர் பட்டறையில் நின்று வேலை பார்ப்பவர். ஒப்பந்தப் பத்திரத்தில் நான்கு விஷயம் எழுதியிருந்தது: முதலுக்கு 10 சதவீத வட்டி, எடுப்புக்கும் 10 சதவீத வட்டி, இளையவருக்கு மாதம் 15,000 சம்பளம், மீதி லாபம் மூத்தவருக்கு 2 பங்கு, இளையவருக்கு 3 பங்கு.

ஏப்ரல் 1 அன்று மூத்தவர் முதல் 20,00,000, இளையவர் முதல் 8,00,000. இளையவர் சம்பளம் போக, வீட்டுச் செலவுக்கு மாதம் பிறந்ததும் 10,000 எடுத்தார். மூத்தவர் பிப்ரவரி முடியும் வரை கை வைக்கவில்லை. மார்ச் 1 அன்று, மகள் கல்யாணத்துக்காக 9,00,000 மொத்தமாக எடுத்தார். கூட்டாளி சம்பளத்துக்கும் வட்டிக்கும் முந்தைய லாபம் 7,46,000.

கடைக் கணக்கில் எடுப்புக்கென்று தனிப் பேரேடு இல்லை. எடுத்த பணத்தையெல்லாம் நேராக முதல் கணக்கிலேயே பற்று எழுதியிருந்தார்கள். இங்கே பல கடைகளில் இதுதான் பழக்கம். அதனால் மார்ச் 31 அன்று டிரயல் பேலன்ஸ் எடுத்தபோது மூத்தவர் முதல் 11,00,000 என்றும், இளையவர் முதல் 6,80,000 என்றும் வந்தது. கண்ணில் பட்ட அந்தத் தொகைக்கே நான் 10 சதவீதம் போட்டேன். அப்புறம் எடுப்பு மீது வட்டியையும் தனியாகப் பிடித்தேன். மூத்தவர் எடுத்தது ஒரு மாதத்துக்கு, 7,500. இளையவருக்கு 6,500.

| | சரியானது: மூத்தவர் | சரியானது: இளையவர் | நான் போட்டது: மூத்தவர் | நான் போட்டது: இளையவர் |
|---|---|---|---|---|
| முதல் மீது வட்டி | 2,00,000 | 80,000 | 1,10,000 | 68,000 |
| எடுப்பு மீது வட்டி (கழிவு) | 7,500 | 6,500 | 7,500 | 6,500 |
| சம்பளம் | – | 1,80,000 | – | 1,80,000 |
| மீதி லாபத்தில் பங்கு | 1,20,000 | 1,80,000 | 1,60,800 | 2,41,200 |
| மொத்தம் | 3,12,500 | 4,33,500 | 2,63,300 | 4,82,700 |

இரண்டு பக்கத்தையும் கூட்டிப் பாருங்கள். இரண்டுமே 7,46,000. இந்தத் தவறு ஆளை ஏமாற்றும் விதம் இதுதான். வட்டியாகக் குறைந்த பணம் மீதி லாபமாக மாறி, விகிதத்தில் பிரிந்து போய்விடுகிறது. மொத்தம் எப்போதும் நேராகவே நிற்கும். கூட்டலை எத்தனை தடவை சரிபார்த்தாலும் இது அகப்படாது. மூத்தவர் கையிலிருந்து 49,200 இளையவர் கைக்குப் போயிருந்தது, தாளில் அதற்கு ஒரு தடயமும் இல்லை.

மூத்தவர்தான் பிடித்தார். பட்டறைத் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம், பக்கத்துத் தொட்டியில் கல் ஊறிக்கொண்டிருந்தது. தாளில் 1,10,000 என்ற இடத்தில் விரலை வைத்து, "ஏந்தம்பி, மாசியில எடுத்த பணத்துக்கு வருஷம் பூரா வட்டி இல்லாமப் பண்ணிட்டீகளே? பதினொரு மாசம் அந்தப் பணம் இந்தச் சிமெண்டுலயும் சாயத்துலயும்தானே கெடந்துச்சு?" என்றார். நான் வாயடைத்துப் போனேன்.

அவர் கேட்டதில்தான் காரணமே இருக்கிறது. முதல் மீது வட்டி என்பது பணம் தொழிலில் கிடந்த காலத்துக்கான கூலி. எடுத்த பணத்துக்கு, எடுத்த தேதியிலிருந்துதான் கூலி நிற்க வேண்டும். அந்த வேலையைத்தான் எடுப்பு மீது வட்டி செய்கிறது. வருடக் கடைசி முதலுக்கு வட்டி போட்டால் அதே எடுப்புக்கு இரண்டு தடவை தண்டம்: ஒன்று வருடம் முழுமைக்கும், இன்னொன்று தேதிப்படி.

ஆகவே வட்டி ஆரம்ப முதலுக்கு. நடுவில் புதிதாகப் பணம் போட்டிருந்தால், போட்ட தேதியிலிருந்து மட்டும். ஆரம்ப முதலைப் போன வருட ஐந்தொகையிலிருந்து எடுங்கள், இந்த வருட டிரயல் பேலன்ஸிலிருந்து எடுக்காதீர்கள். பழைய ஐந்தொகை கைக்கு வரவில்லையா? முதல் கணக்கின் இப்போதைய இருப்போடு எடுப்பைக் கூட்டி, நடுவில் போட்ட பணத்தைக் கழியுங்கள். இந்த வருட லாபமும் வட்டியும் ஏற்கெனவே வரவு வைக்கப்பட்டிருந்தால் அவற்றையும் கழித்து, பிடித்த எடுப்பு வட்டியைத் திரும்பக் கூட்ட வேண்டும். 11,00,000 உடன் 9,00,000 சேர்ந்தால் 20,00,000 தானாக வந்து நிற்கும்.

எடுப்பு மீது வட்டியை லாபத்தில் கழிப்பது

அது கடைக்கு வரவு. கூட்டுங்கள்.

எல்லா எடுப்புக்கும் ஆறு மாதம் என்று வைப்பது

தேதி தெரியாதபோது சராசரியாக ஆறு மாதம் வைப்பது உண்டு. தேதி தெரிந்தால் அதை விடக் கூடாது. மாதம் பிறந்ததும் ஒரே தொகை எடுத்தால் சராசரி ஆறரை மாதம், மாதக் கடைசியில் எடுத்தால் ஐந்தரை. தொகை மாறி மாறி எடுத்திருந்தால் B பத்தியில் தொகையையும், C பத்தியில் மார்ச் 31 வரை மீதமிருக்கும் மாதங்களையும் எழுதி, கீழே இதைப் போடுங்கள்:

```
=SUMPRODUCT(B5:B16,C5:C16)*10%/12
```

மாதா மாதம் 10,000 என்று இட்டுப் பாருங்கள், 6,500 வரும்.

சம்பளத்தை இரண்டு தடவை கழிப்பது

மாதச் சம்பளம் ஏற்கெனவே கூலிச் செலவில் போயிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். போயிருந்தால் லாபத்தோடு திரும்பக் கூட்டிவிட்டு ஆரம்பியுங்கள்.

பத்திரத்தில் இல்லாததைக் கொடுப்பது

1932ஆம் வருடக் கூட்டாண்மைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு தெளிவாகவே சொல்கிறது. ஒப்பந்தம் இல்லையென்றால் எந்தக் கூட்டாளிக்கும் சம்பளம் கிடையாது, லாபம் சமபங்கு. முதலுக்கு வட்டி உண்டு என்று ஒப்பந்தம் இருந்தாலும் அது லாபத்திலிருந்து மட்டும்தான். சம்பளம் பேசாத கூட்டில் ஒரு வருடம் லாபம் 1,40,000 மட்டும் வந்து, முதல் வட்டி 2,80,000 ஆகிறது என்றால், வட்டி இருக்கும் விகிதத்திலேயே 1,00,000, 40,000 என்று பிரித்து நிறுத்திவிட வேண்டும். மீதி வட்டியைக் காட்டி நட்டத்தை உண்டாக்கக் கூடாது. ஆனால் கூட்டாளி தன் முதலுக்கு மேல் கடனாகக் கொடுத்த பணம் வேறு. அதற்கு ஒப்பந்தம் இல்லாவிட்டாலும் 6 சதவீதம் உண்டு. அது பகிர்வில் வராது, லாபம் காணும் முன்பே கழிகிற செலவு.

கையெழுத்தான தாளை அடித்துத் திருத்துவது

பட்டறைத் தாளில் இருவரும் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அதைக் கிழிக்கவில்லை. அடுத்த ஏப்ரலில், இளையவர் முதல் கணக்கில் 49,200 பற்று, மூத்தவர் முதல் கணக்கில் 49,200 வரவு என்று ஒரே குறிப்பேட்டுப் பதிவு. கீழே காரணத்தையும் எழுதினேன். ஏப்ரல் 1 தேதியிலேயே எழுதியாக வேண்டும் என்று மூத்தவர் சொன்னார். தள்ளிப் போட்டால் தப்பான முதல்தான் அடுத்த வருட வட்டிக்கு அடிப்படை ஆகும், அந்த 49,200க்கு மட்டும் இன்னொரு 4,920 வட்டி இளையவர் பக்கம் போய்ச் சேரும். இளையவர் பதிவைப் படித்துப் பார்த்து, சரி என்று பேனாவைக் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.