ஆய்வுச் சுருக்கத்தை வெட்டும்போது கத்தி எங்கே விழ வேண்டும்?

கட்டுரையை ஆய்விதழுக்கு அனுப்பும் கடைசி நிமிடத்தில்தான் பெரும்பாலும் இந்தச் சிக்கல் எழுகிறது. சுருக்கத்தை இணையப் படிவத்தில் ஒட்டியதும், சொல் வரம்பைத் தாண்டிவிட்டது என்று சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை வருகிறது. வரம்பு இதழுக்கு இதழ் மாறும். மருத்துவ இதழ்களில் ஜாமா 350 சொற்கள் தருகிறது, லான்செட் 300 தருகிறது. உளவியல், கல்வியியல் துறைகளில் 250 வழக்கம். எவ்வளவு கொடுத்தாலும் அறுபது எழுபது சொல் மிஞ்சியே நிற்கும்.

அப்போது கட்டுரையை எழுதியவர் முதல் வரியிலிருந்து தொடங்குகிறார். வாக்கியத்துக்கு ஒரு சொல், இரண்டு சொல் என்று கிள்ளிக்கொண்டே போகிறார். தொடக்கத்தில் இருக்கும் பின்னணி வாக்கியங்கள் கட்டுரையின் முகம்போலத் தோன்றுவதால் கை வைக்க மனம் வருவதில்லை. நடுப்பகுதிக்கு வரும்போது பொறுமை தீர்ந்திருக்கும். அங்கே அடைப்புக்குறிக்குள் இருக்கும் எண்கள், குழுக்களின் அளவு, பிரித்த முறை எல்லாம் நீக்குவதற்கு எளிதாகக் கண்ணில் படுகின்றன. வரம்புக்குள் வந்துவிடுகிறது. ஆனால் சுருக்கத்தைப் படிப்பவர் எதைத் தேடி வந்தாரோ அது போய்விடுகிறது.

ஒரு மாதிரியை வைத்தே பார்க்கலாம். எண்கள் விளக்கத்துக்காக நான் போட்டவை. இப்படி ஓர் ஆய்வு நடக்கவில்லை. மாணவிகளுக்கு வாரம் ஒருமுறை தரப்படும் இரும்புச்சத்து மாத்திரையை ஆசிரியர் முன்னிலையில் விழுங்கச் செய்வதா, வீட்டுக்குக் கொடுத்தனுப்புவதா என்பது கேள்வி. வரம்பு 90 சொற்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் வரைவின் பின்னணி இது:

"உலகெங்கும் வளரிளம் பெண்களிடையே இரத்தசோகை ஒரு முக்கியப் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இருந்து வருகிறது. இது கற்றல் திறன், உடல் வளர்ச்சி, பிற்காலத் தாய்மை ஆகியவற்றைப் பாதிக்கிறது. அரசின் வாராந்திர இரும்புச்சத்து மாத்திரைத் திட்டம் நடைமுறையில் இருந்தபோதும், மாத்திரைகளை மாணவிகள் முறையாக உட்கொள்கிறார்களா என்பது குறித்துப் போதுமான ஆய்வுகள் இல்லை. இந்த இடைவெளியை நிரப்புவதே இவ்வாய்வின் நோக்கம்."

41 சொற்கள். இவ்வளவு படித்த பிறகும் என்ன ஆராய்ந்தார்கள் என்று தெரியவில்லை. இந்த இதழைத் திறப்பவருக்கு இரத்தசோகை ஒரு பிரச்சினை என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நான்கு வாக்கியங்களையும் எடுத்துவிட்டு, கேள்வியை மட்டும் வைக்கலாம்:

"வாராந்திர இரும்புச்சத்து மாத்திரையை ஆசிரியர் முன்னிலையில் விழுங்கச் செய்தால், வீட்டுக்குக் கொடுத்தனுப்புவதைவிட ஹீமோகுளோபின் கூடுகிறதா என்று ஆராய்ந்தோம்."

13 சொற்கள். ஒரே வெட்டில் 28 சொற்கள் மிச்சம். வாக்கியத்துக்கு ஒன்றிரண்டாகக் கிள்ளி இந்த அளவை எட்டவே முடியாது.

அடுத்தது ஆய்வுமுறை. வரைவில் இப்படி இருக்கிறது:

"அரசுப் பள்ளிகளில் ஒன்பதாம் வகுப்பு பயிலும் 412 மாணவிகள் சீரற்ற முறையில் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவினர் ஆசிரியர் முன்னிலையிலும், மற்றொரு குழுவினர் வீட்டிலும் 26 வாரங்கள் மாத்திரை உட்கொண்டனர். தரவுகள் முறையாகச் சேகரிக்கப்பட்டு, தகுந்த புள்ளியியல் முறைகளைக் கொண்டு பகுப்பாய்வு செய்யப்பட்டன."

மூன்றாவது வாக்கியம் எந்த ஆய்வுக்கும் பொருந்தும். ஆகவே எதையும் சொல்லவில்லை. தரவுகளை முறையின்றிச் சேகரித்தோம் என்று யார் எழுதப்போகிறார்கள்? ஆனால் அவசரத்தில் வெட்டுகிறவர்கள் அதை விட்டுவிட்டு, மேலே உள்ளதை "412 மாணவிகளிடம் 26 வாரங்கள் ஆய்வு நடத்தப்பட்டது" என்று சுருக்கிவிடுகிறார்கள். ஆறே சொற்கள்தான். ஆனால் யார் எந்தக் குழு என்பதைக் குலுக்கல்போலத் தீர்மானித்தார்கள் என்று சொல்லும் "சீரற்ற முறையில்" என்ற இரண்டு சொற்கள் அதில் மறைந்துவிட்டன. அந்த இரண்டு சொற்கள்தான் இந்த ஆய்வின் தரத்தையே தீர்மானிப்பவை. அதோடு முடிவதுமில்லை. ஒரு கேள்வி குறித்த ஆய்வுகளையெல்லாம் தேடித் தொகுக்கும் முறைசார் மீளாய்வு செய்பவர்கள் ஆயிரக்கணக்கான பதிவுகளைத் தலைப்பையும் சுருக்கத்தையும் மட்டும் பார்த்தே முதலில் கழிக்கிறார்கள். தரவுத்தளங்களில் அவர்கள் பயன்படுத்தும் தேடல் வடிகட்டிகளும் இத்தகைய சொற்களையே துழாவுகின்றன. சுருக்கத்தில் அது இல்லையென்றால், உள்ளே பத்துப் பக்கம் விளக்கியிருந்தாலும் உங்கள் ஆய்வு அவர்கள் கண்ணில் படாமலே போகக்கூடும்.

இப்படித் திருத்தலாம்:

"அரசுப் பள்ளி ஒன்பதாம் வகுப்பு மாணவிகள் 412 பேரைச் சீரற்ற முறையில் இரு குழுவாக்கி (தலா 206), ஒரு குழுவுக்குப் பள்ளியிலும் மறு குழுவுக்கு வீட்டிலும் 26 வாரம் மாத்திரை தந்தோம். முதன்மை அளவீடு: ஹீமோகுளோபின் உயர்வு."

32 சொற்கள் 27 ஆகியிருக்கின்றன. வரைவில் இல்லாத இரண்டு செய்திகளும் சேர்ந்திருக்கின்றன: குழுவின் அளவு, எதை முதன்மையாக அளந்தோம் என்பது. பிந்தையது மிக முக்கியம். காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

இப்போது முடிவுகள். வரைவில் இருந்தது ஒரே வாக்கியம்: "பள்ளிக் குழுவில் ஹீமோகுளோபின் அளவு குறிப்பிடத்தக்க வகையில் அதிகரித்தது (p < 0.05)."

ஆய்வுச் சுருக்கங்களில் நான் காணும் ஆகப் பெரிய தவறு இதுதான். எவ்வளவு அதிகரித்தது? எதனோடு ஒப்பிட்டு? இதில் விடையில்லை. புள்ளியியல்படி குறிப்பிடத்தக்க மாற்றம், நோயாளிக்குப் பொருட்படுத்தத்தக்க மாற்றமாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை; மாதிரி பெரிதாக இருந்தால் அற்பமான வேறுபாடும் அந்த எல்லையைத் தாண்டிவிடும். எண்ணைத் தந்தால் வாசகரே எடைபோட்டுக்கொள்வார்:

"371 பேரின் இறுதி அளவீட்டில் உயர்வு பள்ளிக் குழுவில் 0.9 கிராம், வீட்டுக் குழுவில் 0.5 கிராம் (டெசிலிட்டருக்கு), வேறுபாடு 0.4 (95% நம்பிக்கை இடைவெளி 0.2–0.6). வருகைப் பதிவில் வேறுபாடில்லை. குமட்டல் பள்ளிக் குழுவில் 31 பேருக்கும் வீட்டுக் குழுவில் 18 பேருக்கும் ஏற்பட்டது."

33 சொற்கள். ஆய்வில் சேர்ந்தவர் 412, கடைசியில் அளக்கப்பட்டவர் 371 என்ற இரண்டு எண்களும் இருப்பதைக் கவனியுங்கள். இடம் போதவில்லை என்று பெரிய எண்ணை மட்டும் வைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. 41 பேர் இடையில் விலகியது அப்போது யாருக்கும் தெரியாது. குமட்டலும் அப்படித்தான்: பக்கவிளைவு வாக்கியத்தைத்தான் எல்லோரும் முதலில் தூக்குகிறார்கள். மருத்துவச் சோதனைகளின் சுருக்கத்துக்கென 2008-இல் வெளியான கன்சார்ட் சரிபார்ப்புப் பட்டியல், தீங்குகளையும் சுருக்கத்திலேயே சொல்லக் கேட்கிறது. அந்தப் பட்டியல் கேட்கும் எல்லாவற்றையும் 250 முதல் 300 சொற்களுக்குள் அடக்கிவிடலாம் என்று அதை உருவாக்கியவர்களே குறிப்பிட்டிருக்கிறார்கள். ஆகவே இடமில்லை என்ற சாக்கு பெரும்பாலும் செல்லாது.

வரைவின் முடிவுரை 20 சொற்கள்: "இம்முடிவுகள் பள்ளி வழி மாத்திரை வழங்குவதன் இன்றியமையாமையைத் தெளிவாக எடுத்துக்காட்டுகின்றன. எனவே இத்திட்டத்தை நாடெங்கும் உடனடியாக விரிவுபடுத்துவது அவசியம். இது குறித்து மேலும் விரிவான ஆய்வுகள் தேவை." உடனடியாக விரிவுபடுத்த வேண்டுமாம், மேலும் ஆய்வும் வேண்டுமாம். 0.4 கிராம் வேறுபாடு இவ்வளவு பெரிய பேச்சைத் தாங்காது. "வாராந்திர மாத்திரையைப் பள்ளியிலேயே விழுங்கச் செய்வது ஹீமோகுளோபினைச் சிறிதளவு கூடுதலாக உயர்த்துகிறது, குமட்டலையும் கவனிக்க வேண்டும்" என்றால் போதும். 12 சொற்கள்.

கூட்டிப் பாருங்கள். வரைவு 103 சொற்கள். அதில் பின்னணியும் முடிவுரையும் 61, கண்டறிந்த முடிவுக்குக் கிடைத்தது வெறும் 10. திருத்தியது 85 சொற்கள். அதில் முடிவுகள் 33. மொத்தம் குறைந்தபோதே முடிவுகளுக்கான இடம் மூன்று மடங்குக்கு மேல் ஆகிவிட்டது. மிஞ்சும் ஐந்து சொற்களில் ஆய்வின் பதிவு எண்ணைப் போடலாம். ஆங்கிலத்தில் எழுதினால் சொற்கள் கூடுமே தவிர, எதை விடுவது எதை வைப்பது என்பது மாறாது.

முதன்மை அளவீட்டைச் சொல்ல வேண்டிய காரணத்துக்கு வருகிறேன். ஹீமோகுளோபினில் வேறுபாடே இல்லாமல், வருகைப் பதிவில் மட்டும் ஏதோ முன்னேற்றம் தெரிந்தது என்று வையுங்கள். இடம் குறைவு என்ற பெயரில் முதலாவதை விட்டுவிட்டு இரண்டாவதை மட்டும் எழுதும் சபலம் வரும். 2010-இல் ஜாமா இதழில் வெளியான ஓர் ஆய்வு, முதன்மை அளவீட்டில் பலன் தெரியாத 72 சோதனைகளை எடுத்துப் பார்த்தது. அவற்றில் பாதிக்கும் மேற்பட்டவற்றின் சுருக்க முடிவுரை, பலன் இருப்பதுபோன்ற தோற்றத்தைத் தந்தது. வேண்டுமென்றே செய்தாலும் வெட்டும் அவசரத்தில் நேர்ந்தாலும் படிப்பவருக்கு விளைவு ஒன்றுதான். இதே வகையில் இன்னொன்று: கள ஆய்வில் இரண்டு விஷயங்களுக்கிடையே தொடர்பு மட்டுமே கண்டவர், "தொடர்பு காணப்பட்டது" என்பதைச் சுருக்கப்போய் "காரணமாகிறது" என்று எழுதிவிடுவது. ஒரு சொல் மிச்சமாகும், கூற்றே மாறிவிடும்.

முதலெழுத்துச் சுருக்கங்களால் இடத்தை மிச்சம் பிடிப்பதும் வீண். அப்படி ஒன்றை விரித்துக்காட்டவே நாலைந்து சொற்கள் செலவாகும். பிறகு அது ஒருமுறைதான் வருமென்றால் லாபம் ஏதுமில்லை. தமிழில் எழுதுவோர் இடைவெளியை விழுங்கி நான்கு சொற்களை ஒன்றாக ஒட்டிவைக்கும் உத்தியும் உண்டு. எண்ணி ஏமாறும் கணினிகூடப் பரவாயில்லை. படிக்கிறவர் மூச்சு வாங்குவார்.

கணினி எப்படி எண்ணுகிறது என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. வேர்டு மென்பொருள் இடைவெளியை வைத்தே சொற்களைப் பிரிக்கிறது. ஆகவே `n = 412` மூன்று சொற்கள், `n=412` ஒரு சொல். அடைப்புக்குறி எண்கள் நிறைந்த சுருக்கத்தில் இந்த வேறுபாடு பத்துப் பதினைந்து சொற்கள்வரை போகும். இதழின் படிவம் வேறு மாதிரி எண்ணலாம். "பின்னணி", "முறை" போன்ற துணைத்தலைப்புகளையும் சேர்த்து எண்ணலாம். எனவே கடைசி எண்ணிக்கையைப் படிவத்திலேயே பாருங்கள். எழுத்துக் கணக்கில் வரம்பு வைக்கும் இடங்களில் இந்த உத்தி ஒன்றும் உதவாது. நீண்ட சொற்களைத்தான் மாற்ற வேண்டியிருக்கும்.

எல்லாம் முடிந்தபின் ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. 1999-இல் ஆறு பெரிய மருத்துவ இதழ்களின் சுருக்கங்களை உள்ளடக்கத்தோடு ஒப்பிட்டபோது, இதழைப் பொறுத்து 18 முதல் 68 விழுக்காடு சுருக்கங்களில் கட்டுரையோடு ஒத்துப்போகாத அல்லது கட்டுரையில் இல்லவே இல்லாத தகவல் இருந்தது. இதைத் தடுக்க, சுருக்கத்தை அச்செடுத்து ஒவ்வோர் எண்ணின் பக்கத்திலும் அது வரும் அட்டவணை எண்ணை எழுதுங்கள். கடைசிச் சுற்றுத் திருத்தத்தில் அட்டவணை மாறி, சுருக்கத்தில் மட்டும் பழைய எண் தங்கியிருந்தால் இதில் பிடிபடும். அட்டவணை எண் எழுத முடியாத எண் ஏதாவது மிஞ்சினால், அதைக் கட்டுரையில் சேர்க்க வேண்டும், அல்லது சுருக்கத்திலிருந்து எடுத்துவிட வேண்டும்.