சிக்னல் போனதும் மெயில் வந்ததும்: சிம் மாற்று மோசடியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரவு 9.40க்கு ஒரு எஸ்எம்எஸ்: 'உங்கள் சிம் மாற்றக் கோரிக்கை கிடைத்தது. நீங்கள் கேட்கவில்லை என்றால் உடனே தெரிவியுங்கள்.' ஏதோ விளம்பரம் என்று தள்ளிவிடுகிறார் ஒருவர். 10.15க்கு போனில் சிக்னல் கோடுகள் மறைந்து "No Service" என்று வருகிறது. போனை அணைத்துப் போடுகிறார், சரியாகவில்லை. 10.22க்கு வைஃபை வழியாக ஒரு மெயில்: கடவுச்சொல்லை மாற்ற யாரோ முயல்கிறார்கள். 10.26க்கு இன்னொன்று: கடவுச்சொல் மாற்றப்பட்டது. 'காலையில் பார்த்துக்கொள்ளலாம்' என்று தூங்கப் போகிறார். விடிவதற்குள் வங்கிக் கணக்கு காலி.

இது உதாரணத்துக்காக நான் சொன்ன கதை. ஆனால் இந்த வரிசை கற்பனை அல்ல, சிம் மாற்று மோசடி பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. இவர் செய்த பெரிய தவறு, சிக்னல் போனதையும் மெயில் வந்ததையும் இரண்டு தனித்தனித் தொல்லைகளாக நினைத்தது.

உங்கள் எண் உண்மையில் அந்தச் சின்ன அட்டைக்குள் இல்லை. எந்த எண் எந்த சிம்முக்குச் சொந்தம் என்பதை சிம் நிறுவனத்தின் கணினிதான் குறித்து வைத்திருக்கிறது. உங்கள் விவரங்களைத் திரட்டியவன் உங்களைப் போலவே பேசி, அல்லது உள்ளே இருக்கும் ஊழியரைக் கைக்குள் போட்டுக்கொண்டு, அந்தக் குறிப்பைத் தன் சிம்முக்கு மாற்றவைக்கிறான். அந்த நொடியில் உங்கள் சிம் செத்துவிடும். அதன்பின் ஓடிபி எல்லாம் அவன் போனுக்குப் போகும். உங்களுக்கு எஸ்எம்எஸ் வராது, ஆனால் வைஃபையில் மெயிலும் செயலி அறிவிப்புகளும் வந்துகொண்டே இருக்கும். அந்த வழியாக வரும் எச்சரிக்கைகளை விட்டுவிடாதீர்கள்.

சாதாரணக் கோளாறா, மோசடியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பக்கத்தில் அதே நிறுவனத்தின் சிம் வைத்திருப்பவருக்குச் சிக்னல் இருக்கிறதா என்று பாருங்கள். அவருக்கும் இல்லையென்றால் டவர் பிரச்சினையாக இருக்கலாம். அப்புறம், வேறொரு போனிலிருந்து உங்கள் எண்ணுக்கே அழையுங்கள். உங்கள் போன் ஊமையாகக் கிடக்க, அழைப்பு மணி போகிறது, யாரோ எடுக்கிறார்கள் என்றால் உங்கள் எண் பெரும்பாலும் வேறொருவர் கையில் இருக்கிறது. 'அணைக்கப்பட்டுள்ளது' என்று வந்தால் அதை வைத்து எதுவும் முடிவு செய்ய முடியாது. அவனுடைய போன் அப்போது அணைந்திருக்கலாம்.

இந்தச் சோதனைக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் செலவழிக்காதீர்கள். கடவுச்சொல் மெயில் ஏற்கெனவே வந்துவிட்டால் சோதனையே வேண்டாம். கிடைக்கும் எந்தப் போனிலிருந்தும் முதலில் சிம் நிறுவனத்தின் உதவி எண்ணை அழைத்து, "சிம் மாற்றம் நடந்திருக்கிறதா? எண்ணை உடனே முடக்குங்கள்" என்று கேளுங்கள். எண் முடங்கினால்தான் ஓடிபி நிற்கும். கையோடு வங்கியை அழைத்துக் கணக்கை நிறுத்திவைக்கச் சொல்லுங்கள். வீட்டில் இன்னொருவர் இருந்தால் இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யலாம். அந்த எண்களை மெயிலிலோ எஸ்எம்எஸ்ஸிலோ வந்த செய்தியிலிருந்து எடுக்காதீர்கள்.

இன்னொரு தவறு, மோசடிக்காரனுக்கு நாமே உதவுவது. 'நெட்வொர்க்கை மேம்படுத்துகிறோம், வந்த குறியீட்டைச் சொல்லுங்கள்' என்று ஒரு அழைப்பு வரும். இ-சிம் என்றால் கியூஆர் படத்தை அனுப்பச் சொல்வார்கள். இரண்டும் சிம் மாற்றத்துக்கான சாவிதான். சில நேரம், நிறுவனத்தின் எச்சரிக்கையை நீங்கள் கவனிக்காமல் இருக்க, சலிக்கும் அளவுக்கு அழைப்புகளைக் கொட்டுவார்கள். எரிச்சலில் போனை அணைத்துவிட்டால் சிக்னல் போனதே உங்களுக்குத் தெரியாது.

சிக்னல் திரும்பியதும் எல்லாம் முடிந்தது என்று நினைப்பதும் ஆபத்து. அவன் உங்கள் மெயிலுக்குள் இன்னும் உட்கார்ந்திருக்கலாம். கடவுச்சொல்லை மாற்றி, மற்ற எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேற்றுங்கள். மீட்பு எண்ணையும் மீட்பு மெயிலையும் சரிபாருங்கள். மெயில்களை வேறு முகவரிக்குத் திருப்பிவிடும் விதி ஏதாவது அமைத்திருக்கிறானா என்று கட்டாயம் பாருங்கள். பலர் கோட்டைவிடும் இடம் இது. கடவுச்சொல் மாறினாலும் அந்த விதி அப்படியே இருக்கும், வங்கி அனுப்பும் மெயில் ஒவ்வொன்றும் அவனுக்கும் போகும்.

சிம் பின் போட்டிருக்கிறேன் என்று நம்பியும் இருக்க வேண்டாம். அது உங்கள் அட்டையைத் திருடி வேறு போனில் போடுவதைத்தான் தடுக்கும். இங்கே அட்டையே திருடப்படுவதில்லை. உதவுவது, சிம் நிறுவனத்தில் உங்கள் கணக்குக்கென வைக்கும் தனி பின், அல்லது எண்ணை வேறு சிம்முக்கு மாற்றவிடாத பூட்டு. உங்கள் நிறுவனம் தருகிறதா என்று கேட்டுப் பாருங்கள். மெயிலுக்கு எஸ்எம்எஸ் ஓடிபிக்குப் பதிலாக, போனிலேயே குறியீடு உருவாக்கும் அங்கீகாரச் செயலியை வையுங்கள். அப்புறம் மீட்பு வழியாக இருக்கும் போன் எண்ணையும் நீக்கிவிடுங்கள். அதை விட்டுவைத்தால், செயலி இருந்தும் பழைய எஸ்எம்எஸ் வழியாகவே அவன் உள்ளே வந்துவிடலாம்.